கூட்டல் கோட்டுக்குக் கீழே ஒரு வரி

தங்கச்சிமடத்தான், மார்ச் 18, இரவு 10.50

ஒரு சிறுகதை எழுதி அனுப்பினேன், திரும்பி வந்துவிட்டது. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி: "ஐஸ் இல்லை என்றால் வேறு ஐஸ் எடுத்துக் கொடுத்திருக்கலாமே?" இதற்கு என்ன பதில் சொல்ல? ஐஸ் கம்பெனிக்குள் கால் வைக்காதவருக்கு இந்தக் கதை புரியவே புரியாதா?

கதை இதுதான். தீவுப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனி. ராத்திரிக் கணக்கப்பிள்ளை ஒருவன். புதன் ராத்திரி ஒரு மணிக்குச் சும்மா இருக்க முடியாமல் கேட்பு நோட்டைப் புரட்டுகிறான். திங்கட்கிழமைப் பக்கத்தில் ஒரு வரி, டிக் போடாமல் கிடக்கிறது. வல்லத்துக்காரர் ஒருவர், வியாழன் விடியலுக்கு 4 பார் ஐஸ் கட்டி. முன்பணமும் கொடுத்திருக்கிறார். கிட்டங்கியில் ஒரு பார்கூட இல்லை. மூன்றரைக்கு அவர் வருவார். தொட்டியில் இருக்கும் ஐஸ் இன்னும் பிடிக்கவில்லை, உள்ளே பாதி தண்ணீர். அவன் இல்லை என்று சொல்லி அனுப்புகிறான். அவர் ஐஸ் இல்லாமலே கடலுக்குப் போகிறார், திரும்பி வரவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் மூன்று வருஷம் பார்த்த வேலை இது. அதனால் எல்லாம் வெளிச்சமாக இருப்பதாக எனக்குத் தோன்றுகிறதோ என்னவோ.

பட்டா மாறுதல், மார்ச் 18, இரவு 11.32

மிகச் சரியான பிரச்சினையைத் தொட்டீர்கள். நானும் மனு கொடுத்துப் பதினோரு மாதம் ஆயிற்று. பதிவேட்டில் என் மனுவே இல்லை என்கிறார்கள், என்னிடம் ரசீது இருக்கிறது. பதிவேடு எண்ணை வைத்து மேலே எழுதிக் கேட்கலாமா?

தங்கச்சிமடத்தான், மார்ச் 18, இரவு 11.40

ஐயா, இது ஐஸ் நோட்டு. மனு நோட்டு இல்லை. ஆனால் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.

கீழக்கரை வாசகி, மார்ச் 19, காலை 7.15

கேள்வி சரியான கேள்விதான், அவரைக் கோபிக்காதீர்கள். எனக்கும் அதுவே தோன்றியது. அதைவிட ஒன்று. நம் பக்கத்துக் கதை என்றால் கடைசியில் யாராவது கடலோடு போயே ஆக வேண்டுமா? ஐஸ் இல்லாததால் ஆள் எப்படிச் சாவார்? மீன்தானே கெடும்?

தங்கச்சிமடத்தான், மார்ச் 19, காலை 9.05

முதல் கேள்விக்கு முதலில் வருகிறேன். இரண்டாவது கொஞ்சம் சுட்டது.

எங்கள் பக்கம் விசைப்படகு கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. மற்ற நாள் வல்லம் மாதிரி நாட்டுப்படகு. அதனால் ஐஸ் கம்பெனிக்கு வாரமே ஒரு சீராக இருக்காது. செவ்வாய் ராத்திரி முழுக்க விசைப்படகுக்காரர்கள் நிற்பார்கள், ஒரு படகே இருபது பார் என்று எடுக்கும். புதன் விடியும்போது கிட்டங்கி துடைத்த மாதிரி இருக்கும், தொட்டியும் காலி. கேன் எல்லாவற்றிலும் புதுத் தண்ணீர் விட்டு மறுபடி இறக்க ஏழு, எட்டு மணி ஆகிவிடும். அது ஐஸாக ஒரு முழு நாள் வேண்டும். அவசரப்படுத்த முடியாது. சோறு என்றால் அடுப்பைக் கூட்டலாம், இது அப்படி இல்லை. அதனால் புதன் ராத்திரி ஒரு மணிக்குத் தீவில் எந்தக் கம்பெனியிலும் ஐஸ் இருக்காது. இருந்தாலும் அது வேறொருவர் பெயருக்கு எழுதி வைத்த ஐஸ்.

நாட்டுப்படகுக்கு வேண்டிய சொற்பத்தை முதல் நாளே கிட்டங்கி மூலையில் உமி போட்டு மூடி ஒதுக்கி வைக்க வேண்டும். நோட்டில் வரி கண்ணில் பட்டால்தான் ஒதுக்குவோம். ஒதுக்காமல் மிஞ்சியதை மீன் லாரிக்காரர் வந்து அள்ளிப் போய்விடுவார். அன்று நடந்தது அதுதான்.

தங்கச்சிமடத்தான், மார்ச் 19, காலை 9.20

வரி ஏன் கண்ணில் படவில்லை என்பதைச் சொல்லவில்லை. கதையில் அது ஒரு வாக்கியமாகப் போய்விட்டது. அதுதான் கதையே என்று இப்போது படுகிறது.

கேட்பு நோட்டில் கேட்ட தேதிக்குத்தான் பக்கம், கொடுக்க வேண்டிய தேதிக்கு இல்லை. திங்கட்கிழமை வந்து வியாழனுக்குக் கேட்டால் திங்கட்கிழமைப் பக்கத்தில்தான் ஏறும். தினமும் சாயங்காலம் பக்கத்தின் அடியில் கோடு போட்டுக் கூட்டி, கொடுக்காமல் நிற்கும் வரிகளை மறுநாள் பக்கத் தலையில் 'முன்பாக்கி' என்று எடுத்து எழுத வேண்டும். எழுதினால் தப்பு வராது. இந்த வல்லத்துக்காரர் வந்தபோது பகல் கணக்கப்பிள்ளை கோடு போட்டுக் கூட்டி முடித்துவிட்டார். கோட்டுக்குக் கீழே அரை விரல் இடம் இருந்தது, அதில் எழுதிவிட்டார். கூட்டலில் சேராத வரி முன்பாக்கியிலும் சேரவில்லை. செவ்வாய்க்கிழமை விசைப்படகு ஆர்டரே மூன்று பக்கம். நான் வந்து நோட்டுக் கூட்டலையும் கிட்டங்கியில் உள்ள பாரையும் ஒத்துப் பார்த்தேன், ஒன்றுகூட இடிக்கவில்லை. இடிக்காதுதான், அந்த 4 எந்தக் கூட்டலிலும் இல்லையே. பத்துப் பார் குறைந்திருந்தால் ராத்திரி எட்டு மணிக்கே தேடிப் பிடித்திருப்பேன்.

அறிவியல் வாத்தியார், மார்ச் 19, மாலை 6.40

"உள்ளே பாதி தண்ணீர்" என்பது கணக்குக்கு ஒத்துவரவில்லை. 24 மணி நேரம் வேண்டும், ஒரு மணிக்கு 17 மணி நேரம் ஆகியிருக்கிறது. அப்படியென்றால் 24-இல் 17 பங்கு ஐஸ். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் தண்ணீர். இவ்வளவுக்குக் கதையில் மாற்றம் தேவையில்லை, 'பாதி' என்பதை 'கால்வாசி' ஆக்கினால் போதும்.

பழைய ஆபரேட்டர், மார்ச் 20, காலை 5.50

மண்டபம் பக்கம் முப்பது வருஷம் கம்ப்ரசர் ஓட்டினவன். வாத்தியார் பாதி சரி. பாதி தண்ணீர் இருக்காது என்பது சரி, கணக்குப் போட்ட விதம் தப்பு.

கேன் இறங்கியிருப்பது உப்புத்தண்ணீர் தொட்டியில், பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி வாக்கில் இருக்கும். தகரச் சுவரில் ஒட்டினாற்போல்தான் முதலில் பிடிக்கும், பிறகு உள்ளே உள்ளே போகும். முதலில் பிடித்த ஐஸே பின்னால் போகும் குளிரை மறிக்கும். அதனால் ஆரம்பத்தில் ஓட்டம், கடைசியில் நடை. பாதி நேரத்திலேயே நூற்றுக்கு எழுபது தடிமன் ஏறியிருக்கும். மிச்சம் முப்பதுக்குத்தான் மீதிப் பாதி நேரம். வாத்தியார் மணிக்கு இவ்வளவு என்று பங்கு வைத்துவிட்டார், ஐஸ் அப்படிச் சம்பளம் வாங்காது.

இன்னொன்று. அவர் மூன்றரைக்குத்தானே வருகிறார், ஏன் ஒரு மணிக்கே தூக்குகிறீர்கள்? மூன்றேகாலுக்குத் தூக்குங்கள். காலை ஏழுக்கு இறக்கின முதல் வரிசை இருபது மணி நேரம் ஆகியிருக்கும். நடுவில் ஒரு விரல் நுழையும் பிளவு, அவ்வளவுதான் பிடிக்காமல் இருக்கும். 50 கிலோ பாரில் இரண்டு மூன்று கிலோ தண்ணீர். நம் பக்கத் தண்ணீர் உப்பு கூடியது. அந்த உப்பெல்லாம் கடைசியாக நடுவில் போய் ஒதுங்கும், அதனால் அந்தப் பிளவு இன்னும் கொஞ்சம் தாமதிக்கும். கவிழ்க்கும்போது பதமாகக் கவிழ்த்தால் உடையாது. உடைந்தாலும் என்ன, எப்படியும் மெஷினில் போட்டு நொறுக்கித்தானே பெட்டியில் கொட்டப் போகிறார்?

தங்கச்சிமடத்தான், மார்ச் 20, இரவு 11.15

காலையில் படித்தேன். இப்போதுதான் பதில் எழுத வருகிறது.

அண்ணே, நீங்கள் சொன்னது சரியென்றால் கதை இல்லை. கதை போனால் போகிறது. இருபத்தைந்து வருஷமாக "தூக்கியிருந்தாலும் பிரயோஜனம் இல்லை, உள்ளே தண்ணீர்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று ஆபரேட்டரைக் கேட்கவே இல்லை. அவர் கம்ப்ரசர் பக்கத்தில் கோணியை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

எங்கள் கொக்கி ஒரு வரிசையைத்தான் தூக்கும், வரிசைக்கு எட்டு கேன். நாலுக்காக எட்டைத் தூக்கினால் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று பயந்தேன். கதையில் அதை எழுதவில்லை, 'பாதி தண்ணீர்' என்று எழுதினேன்.

பழைய ஆபரேட்டர், மார்ச் 21, காலை 5.45

மிச்ச நாலை அப்படியே கிட்டங்கியில் போட்டிருந்தால் காலையில் எவனாவது வாங்கியிருப்பான். முதலாளிக்கு நட்டம் இல்லை.

உங்களைக் குத்தச் சொல்லவில்லை. சந்தேகத்தின் பலனும் உண்டு. எல்லாக் கேனிலும் ஒரே நேரம் வெயில் தண்ணீர் விட்டு இறக்கினால் தொட்டியே சூடேறும், அது பழையபடி குளிர நாலைந்து மணி நேரம் பிடிக்கும். நடுவில் கரண்ட் போயிருந்தால் இன்னும் மோசம். அன்று கரண்ட் போனதா?

தங்கச்சிமடத்தான், மார்ச் 21, காலை 8.30

அதைத்தான் ராத்திரி முழுக்க யோசித்தேன். சாயங்காலம் போன ஞாபகம் இருக்கிறது, அரிக்கேன் வெளிச்சத்தில் லாரிக்காரருக்குச் சீட்டு எழுதின ஞாபகம். ஆனால் அது அன்றா, வேறொரு நாளா? போனது என்று வைத்துக்கொண்டால் எனக்கு வசதி. அதனாலேயே நம்ப முடியவில்லை.

கீழக்கரை வாசகி, மார்ச் 21, பகல் 1.10

சரி, கேட்டுவிடுகிறேன். அவர் திரும்பி வந்தாரா இல்லையா?

தங்கச்சிமடத்தான், மார்ச் 21, இரவு 10.20

வந்தார். அன்று சாயங்காலமே வந்தார். கடலில் போனதெல்லாம் நான் போட்ட முடிவு. உங்கள் "மீன்தானே கெடும்" மூன்று நாளாகக் காதில் இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். மூன்றரைக்குச் சைக்கிளில் வந்தார். பின்னால் பேரன் வயசில் ஒரு பையன். "கணக்கப்பிள்ளை, நாலு பாரு" என்றார். நான், "ஐயா, ஐஸ் இல்ல, தீந்துபோச்சு" என்றேன். "எழுதித்தானப்பா போனேன்" என்றார். நான் நோட்டை மூடி அதன் மேல் கையை வைத்திருந்தேன். அவர் சண்டை போடவில்லை. உடைக்கும் மெஷினுக்குக் கீழே சிதறிக் கிடந்த உடைசலைப் பையன் கூடையில் வாரினான், அரைக் கூடை தேறியது. பிறகு அவர், "அப்ப உப்ப எடுத்துக்கிறேன். சைக்கிளு இங்கயே கெடக்கட்டும், பாத்துக்க தம்பி" என்று சொல்லிவிட்டு நடந்தே கரைக்குப் போனார்.

அறிவியல் வாத்தியார், மார்ச் 22, காலை 10.00

தடிமன் விஷயத்தில் ஆபரேட்டர் சொன்னது சரி. நேரத்தின் வர்க்கமூலத்தைப் போலத் தடிமன் கூடும் என்று நேற்று உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன், ஒத்துவருகிறது. என் மாணவன் ஒருவனிடம் சொல்லியிருந்தால் மதிப்பெண் குறைத்திருப்பேன்.

உப்பு எதற்கு எடுத்தார் என்று புரியவில்லை. ஐஸில் உப்புப் போட்டால் இன்னும் குளிரும் என்பதற்கா?

பழைய ஆபரேட்டர், மார்ச் 22, மாலை 4.30

கருவாட்டுக்கு வாத்தியாரே. கடலிலேயே உப்புப் போட்டுவிடுவார்கள்.

தங்கச்சிமடத்தான், மார்ச் 22, இரவு 9.40

ஆமாம். அவர் வலை சூடை வலை. சூடை பிடித்த சில மணி நேரத்தில் ஐஸ் படாவிட்டால் வயிறு வெடிக்கும். குடல் வெளியே வந்த சூடையை ஏலத்தில் எவரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். நல்ல வெயிலில் மீன் எடைக்கு ஐஸ் எடை என்று போட்டால்தான் சாயங்காலம் வரை தாங்கும். நாலு பார் என்றால் 200 கிலோ ஐஸ், 200 கிலோ மீனுக்கு அவர் மனசில் கணக்கு வைத்திருந்தார் என்று அர்த்தம். அரைக் கூடை உடைசலில் வீட்டுக்குழம்புக்கு வேண்டியதைத்தான் காப்பாற்றலாம்.

உப்பு என்றால் கதை வேறு. மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்று போட்டு அடுக்கினால் மீன் கெடாது, ஆனால் அன்றைக்குக் காசு வராது. உப்பில் ஊறி, கழுவி, மணலில் நாலு நாள் காய்ந்து, காய்ந்ததில் பாதி எடை போய், அப்புறம்தான் கருவாட்டு வியாபாரி வருவார். டீசல் கடன் அதுவரை காத்திருக்காது.

ஐஸ் இல்லாத வல்லத்துக்காரர் சாவதில்லை. நாலு நாள் பிந்திக் குறைந்த காசு வாங்குகிறார். இதை வைத்துக் கதை எழுத எனக்குத் தைரியம் இல்லாமல் போனது.

பட்டா மாறுதல், மார்ச் 23, காலை 11.20

எனக்கும் அதுதான் நடந்திருக்கும் என்று தோன்றுகிறது. கோட்டுக்குக் கீழே எழுதியிருப்பார்கள். நாளை போய்ப் பதிவேட்டை அந்தப் பக்கத்துக்கு முன்னும் பின்னும் பார்க்கச் சொல்கிறேன். நன்றி.

கீழக்கரை வாசகி, மார்ச் 23, இரவு 8.00

இதுதான் கதை. உப்பும் சைக்கிளும் போதும். ஒன்று மட்டும் இடிக்கிறது. நோட்டை மூடிக் கையை வைத்திருந்தீர்கள் என்றீர்கள். பகல் ஆள் எழுதிய வரி, அவர் செய்த தப்பு. நீங்கள் ஏன் மூட வேண்டும்? "ஐயா, எழுதியிருக்கு, எடுத்துவைக்க மறந்துட்டாங்க" என்று காட்டியிருக்கலாமே?

தங்கச்சிமடத்தான், மார்ச் 29, இரவு 11.55

ஆறு நாள் இந்தப் பக்கம் வரவில்லை.

பகல் கணக்கப்பிள்ளையாக இருந்தவரைப் போனில் பிடித்தேன். இப்போது பரமக்குடியில் மகன் வீட்டில் இருக்கிறார். வரி அவர் கையெழுத்துத்தான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால், "செவ்வாய்க்கிழமை நீ வேலைக்கு ஏறும்போது வாயால சொன்னேனேப்பா, வல்லத்துக்கு நாலு நிக்குதுன்னு" என்கிறார். எனக்கு ஞாபகமே இல்லை. செவ்வாய் ராத்திரி விசைப்படகுக் கூட்டத்தில் யார் என்ன சொன்னாலும் காதில் ஏறியிருக்காது. அவர் சொன்னாரா, சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறாரா, தெரியவில்லை. அவருக்கும் வயசாகிவிட்டது, எனக்கும்.

தங்கச்சிமடத்தான், மார்ச் 30, அதிகாலை 12.40

வாசகி கேட்டதற்கு அது பதில் இல்லை, தெரியும்.

அவர் கரைக்குப் போன பிறகு நோட்டை மறுபடி திறந்தேன். அந்த வரி டிக் இல்லாமல் நின்றால் காலையில் கேள்வி வரும். 'கொடுத்தது' என்று டிக் போட்டால் நாலு பார் கணக்கில் உதைக்கும். கடைசிக் கட்டத்தில் "ஆள் வரவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வராதவர் வரியைக் கழிக்க அப்படித்தான் எழுதுவோம், புதிதாக நான் கண்டுபிடித்தது இல்லை.

ஆள் வராவிட்டால் முன்பணம் கம்பெனிக்கு. நாற்பது ரூபாய். அதை எழுதும்போது இந்த விதி என் நினைவில் இருந்ததா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

வியாழன் சாயங்காலம் சைக்கிளை எடுக்க வந்தவர் பகல் கணக்கப்பிள்ளையிடம் முன்பணத்தைக் கேட்டிருக்கிறார். அவர் நோட்டைத் திறந்து காட்டியிருக்கிறார். பெரியவருக்கு எழுத்து வாசிக்க வரும். போனில் இதையும் சொன்னார்: "அவரு ஒண்ணும் பேசலப்பா. நோட்டப் பாத்தாரு, சைக்கிளப் பாத்தாரு, எடுத்துட்டுப் போயிட்டாரு." அதுவரைக்கும் அந்தச் சைக்கிள் ஐஸ் கம்பெனித் திண்ணையில்தான் சாய்ந்து நின்றது. அவர் வந்ததற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டே அந்த வரியை எழுதியிருக்கிறேன்.

பழைய ஆபரேட்டர், மார்ச் 30, காலை 5.40

நாற்பது ரூபாயைத் திருப்பினீர்களா?

தங்கச்சிமடத்தான், மார்ச் 30, காலை 6.10

இல்லை. அவர் அதன் பிறகு எங்கள் கம்பெனியில் ஐஸ் எடுக்கவில்லை.

அறிவியல் வாத்தியார், மார்ச் 31, மாலை 7.00

கதையில் நோட்டைப் பார்க்கும் இடத்தை எங்கே வைப்பீர்கள்? முதலில் வைத்தால் வரியைக் கண்டுபிடிக்கும் கதை. கடைசியில் வைத்தால் வரியை எழுதும் கதை. இரண்டையும் ஒன்றாக வைக்க முடியாது என்று நினைக்கிறேன். (ஐஸ் கணக்கைப் போல இதிலும் நான் தப்பாக இருக்கலாம்.)

தங்கச்சிமடத்தான், ஏப்ரல் 16, இரவு 10.05

நேற்று முதல் தடைக்காலம், ஜூன் 14 வரை. விசைப்படகெல்லாம் கரையில், ஐஸ் கம்பெனியில் ஈ ஓட்டுகிறார்கள் என்று தம்பி சொன்னான். எனக்கு உட்கார்ந்து எழுத நேரம்.

வாத்தியார் சொன்னபடி ஒரு முறை, மாற்றி ஒரு முறை எழுதிப் பார்த்தேன். 'பாதி தண்ணீர்' போய்விட்டது. ஆபரேட்டர் கோணியில் தூங்குகிறார், கணக்கப்பிள்ளை அவர் பக்கத்தில் போய் நின்றுவிட்டு எழுப்பாமல் திரும்புகிறான். அந்த இடம் கதையில் புதிது, நிஜத்தில் நான் போய் நிற்கக்கூட இல்லை. கரண்ட் போனதைப் போடவில்லை. பகல் ஆள் வாயால் சொன்னாரா என்பதையும் போடவில்லை, எனக்கே தெரியாததை அவன் தலையில் எப்படிக் கட்டுவது.

கடைசிப் பத்தி இப்படி நிற்கிறது:

"பேனாவில் மை இறங்கவில்லை. உதறினான். தரையில் இரண்டு பொட்டு விழுந்து ஈரத்தில் பரவியது. 'ஆள்' என்று எழுதினான். திண்ணையில் சைக்கிள் மணியை யாரோ தட்டின மாதிரி இருந்தது. காற்றுத்தான். 'வரவில்லை' என்று எழுதி முடித்தான்."

மணி வேண்டுமா வேண்டாமா என்று தெரியவில்லை.

பழைய ஆபரேட்டர், ஏப்ரல் 17, காலை 5.50

அது எந்த மாசம்? வாடைக் காலம் என்றால் காற்றில் சைக்கிளே விழும், மணியா அடிக்கும்?

கீழக்கரை வாசகி, ஏப்ரல் 17, காலை 8.20

மணி வேண்டாம். மை இருக்கட்டும்.